பாட்டியின் பெயர் ஏன் பட்டியலில் இல்லை?

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி என்று வீட்டுப் பக்குவத்தில் அரைத்து விற்கத் தொடங்கும் ஒரு குடும்பம், அதற்குப் பெயர் வைத்துத் தரச் சொல்லி ஒருவரை அமர்த்துகிறது. அவர் வந்து பேசுகிறார், பழைய கதைகளைக் கேட்கிறார், பொடியை வாயில் போட்டுப் பார்க்கிறார். சில வாரங்கள் கழித்து ஒரு பட்டியல் வருகிறது. குடும்பமே ஆசையாகச் சொல்லியிருந்த பெயர் மட்டும் அதில் இல்லை. கூடவே ஒரு கடிதம் இருக்கிறது.

பெயர் வைக்கும் தொழிலில் எழுதக் கடினமானது அந்தக் கடிதம்தான். புதுப் பெயரை யோசிக்க நேரம் கொடுத்தால் போதும். ஒருவர் மனதில் ஏற்கெனவே குடியேறிவிட்ட பெயரை எடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம் வேண்டும், சான்று வேண்டும், பேசும் முறையும் வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அப்படி ஒரு கடிதம் எப்படி உருவாகிறது, அதற்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்பதை விளக்க விரும்புகிறேன். இந்தக் கடிதம் கையில் வரும்போது பலர் அதைக் கோபத்தோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

முன்பெல்லாம் கடைக்கும் சரக்குக்கும் பெயர் வைப்பது வீட்டுப் பெரியவர் வேலை. குலதெய்வத்தின் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர்ப் பெயர், மிஞ்சினால் எண் கணிதம் பார்ப்பவர் சொல்லும் பெயர். ஒரே ஊரில் விற்றவரை அதில் பெரிய தொந்தரவு இல்லை. பக்கத்து மாவட்டத்தில் அதே பெயரில் ஒருவர் விற்றாலும் இருவரும் சந்திக்காமலே காலம் போய்விடும். இன்று வாங்குபவர் கைப்பேசியில் தேடுகிறார், பொடி பெங்களூருக்கும் துபாய்க்கும் போகிறது. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு பொட்டலங்கள் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. அதனால்தான் பெயர் வடிவமைப்பாளரின் வேலையில் பாதி பெயர் யோசிப்பது, மீதிப் பாதி யோசித்த பெயர்களைக் கழிப்பது என்றாகிவிட்டது.

கழிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பது, பிறமொழிக்காரரைச் சொல்ல வைத்துப் பார்ப்பது. அடுத்து, வர்த்தகச் சின்னப் பதிவேட்டில் தேடுவது. பிறகு கடை அலமாரியிலும் ஆன்லைன் விற்பனைத் தளங்களிலும் தேடுவது, ஏனென்றால் பதிவு செய்யாமலே பல ஆண்டுகளாகப் பெயரைப் பயன்படுத்துபவர்கள் நம் நாட்டில் ஏராளம். கடைசியில் மிஞ்சும் சில பெயர்களை வர்த்தகச் சின்ன வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது. வாடிக்கையாளரின் செல்லப் பெயர் பெரும்பாலும் விழுவது இரண்டாவது இடத்தில், பதிவேட்டில்.

அங்கே விழுவதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. 1999-ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னச் சட்டத்தில் 9-வது பிரிவு, சரக்கின் தன்மையை, தரத்தை, ஊரை மட்டும் சொல்லும் பெயரை ஒருவருக்கே உரிமையாக்க முடியாது என்கிறது. ‘சுத்தமான பொடி’ என்பதை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர் தன் பொடியை எப்படி விவரிப்பார்? இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். சிக்கல் 11-வது பிரிவில். அதே வகைச் சரக்குக்கு ஏற்கெனவே ஒருவர் பதிவு செய்த பெயரோடு உங்கள் பெயர் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருந்தால் பதிவு கிடைக்காது. இங்கேதான் ‘அது வேறு, இது வேறு’ என்ற வாதம் எழுகிறது.

அந்த வாதத்துக்கு நம் சென்னையிலிருந்தே போன ஒரு வழக்கு பதில் சொல்கிறது. அதுவும் ஒரு பொடி வழக்குதான், மூக்குப்பொடி. ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற பெயரை ஒரு நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்தது. அவர்களுடைய லேபிளில், நீரில் மிதக்கும் உலக உருண்டைமேல் அம்பாள் அமர்ந்திருப்பாள். 1958-இல் சென்னையின் இன்னொரு மூக்குப்பொடி வியாபாரி ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயருக்கு விண்ணப்பித்தார். அந்த லேபிளின் நடுவில் ஆண்டாள் படம். படம் வேறு, லேபிள் அமைப்பு வேறு. அம்பாள் யார், ஆண்டாள் யார் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-இல் வந்த தீர்ப்பு ஆண்டாளுக்குப் பதிவு இல்லை என்றது. கண்ணுக்கு இரண்டு லேபிளும் ஒத்திருக்கவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பெயரைக் காதாலும் ஒப்பிட வேண்டும், காதுக்கு அம்பாளும் ஆண்டாளும் மிக நெருக்கம் என்றது. தென்னிந்திய இந்துக்களுக்கு இருவரும் வேறு என்று தெரிந்திருக்கலாம். ஆனால் இந்த மூக்குப்பொடியை வாங்குபவர்களில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் இருக்கிறார்கள், தெற்குக்கு வெளியிலும் விற்கிறது, அவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருக்கலாம் என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணம். உண்மையில் யாராவது குழம்பினார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லாமலே இந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். குழப்பம் நடந்திருக்க வேண்டியதில்லை, நடக்க வாய்ப்பிருந்தாலே போதும்.

இந்தத் தீர்ப்பு தெரிந்த பெயர் வடிவமைப்பாளர் ஒரு தமிழ்ப் பெயரை இரண்டு முறை ஒப்பிடுவார். தமிழ் தெரிந்தவர் காதோடு ஒரு முறை, தெரியாதவர் காதோடு ஒரு முறை. தமிழ் எழுத்தில் விண்ணப்பிக்கும் பெயருக்கு ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பும் பொருளும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எனவே பதிவகத்தில் நம் ‘ள்’ளுக்கும் ‘ல்’லுக்கும் உள்ள தூரம் ஆங்கில எழுத்தில் காணாமல் போய்விடும்.

இனி கடிதம். இது ஒரு மாதிரிக் கடிதம். குடும்பமும் தேடலில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பெயர்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இப்படிப்பட்ட கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டுமோ அதெல்லாம் இதில் இருக்கிறது. பொடி விற்கப்போவது ஓர் அக்காவும் தம்பியும். அவர்கள் விரும்பிய பெயர், பாட்டியின் பெயரான ‘பொன்னம்மாள்’.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இத்துடன் பெயர்ப் பட்டியலை அனுப்பியிருக்கிறேன். அதில் ‘பொன்னம்மாள்’ இல்லை. பட்டியலைப் பிரித்ததும் நீங்கள் முதலில் தேடுவது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். எனவே ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

அந்தப் பெயரில் எனக்குக் குறையாக எதுவும் படவில்லை. சொல்ல எளிது, தமிழில் யாரும் பிழையாக எழுத மாட்டார்கள், கேட்டதும் வீட்டுச் சமையலின் நினைவு வருகிறது. பாட்டி பொடியை அரைத்து, மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார் என்று நீங்கள் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. என் ரசனையை வைத்து முடிவெடுத்திருந்தால் பட்டியலில் முதல் பெயர் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பொடி வகைகள் 30-ஆம் வகுப்பில் வருகின்றன. அடுத்த ஆண்டு ஊறுகாயும் நல்லெண்ணெயும் சேர்க்கப் போவதாகச் சொன்னீர்கள், அவை 29-ஆம் வகுப்பு. அதனால் இரண்டு வகுப்புகளிலும் தேடினேன். Ponnammal, Ponnamal, Ponammal, Ponnamma என்று எழுதக்கூடிய எல்லா விதத்திலும் பார்த்தேன். 30-ஆம் வகுப்பில் மசாலாப் பொடிகளுக்கு ‘பொன்னம்மா’ என்ற பெயர் பதிவாகி நடப்பில் இருக்கிறது. 2009 முதல் பயன்படுத்தி வருவதாக அவர்கள் பதிவில் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தேன், இன்றும் விற்கிறார்கள். தேடல் பக்கங்களையும் அவர்களுடைய பாக்கெட் படத்தையும் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள். இது தவிர இன்னொருவரின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் காட்டுகிறது. அது நமக்குத் தடையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் கடையில் அந்தப் பெயரோடு இன்னும் விற்கிறாரா என்று வழக்கறிஞர் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

தம்பி மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றும் நியாயமானவை.

அவர்களுடையது அம்மா, நம்முடையது அம்மாள், வேறுதானே என்றார். பொட்டலத்தைக் கையில் பிடித்துப் படிப்பவருக்கு வேறுதான். கடைக்குப் போன் போட்டு ‘ரெண்டு பாக்கெட் அனுப்புங்க’ என்று சொல்பவருக்கும், கைப்பேசியிடம் வாயால் சொல்லித் தேடுபவருக்கும், தமிழ் தெரியாத கடைக்காரருக்கும் அது ஒரே பெயர். பதிவகம் பார்ப்பது இவர்களை மனதில் வைத்துத்தான்.

பாட்டியின் படத்தைப் போட்டால், அல்லது பின்னால் ‘கிச்சன்’, ‘கைப்பக்குவம்’ என்று ஏதாவது சேர்த்தால் தீராதா என்றார். படம் காதுக்குக் கேட்காது. யாரும் சேர்த்துக்கொள்ளக்கூடிய பொதுச் சொல்லை ஒட்ட வைத்தாலும் வாங்குபவர் நினைவில் நிற்பது முதலில் உள்ள பெயர்தான்.

எங்கள் பாட்டி பெயரை எங்களையே வைக்கக்கூடாது என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும் என்பது மூன்றாவது கேள்வி. இதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. ஒருவர் தன் பெயரையோ, தனக்கு முன் அதே தொழிலை நடத்தியவரின் பெயரையோ நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று சட்டத்தின் 35-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது ஒரு கேடயம் மட்டும்தான். உங்கள்மேல் யாராவது வழக்குப் போட்டால் எடுத்துக் காட்டலாம். அதை வைத்துப் பெயரை உங்களுக்கென்று பதிவு செய்ய முடியாது. நாளை வேறொருவர் அதே பெயரில் இறங்கினால் நிறுத்தவும் முடியாது. பாட்டி இதைத் தொழிலாக நடத்தவில்லை என்பதால் கேடயமும் முழுதாகப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

விண்ணப்பித்தால் நிச்சயம் மறுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. நான் எதிர்பார்ப்பது இது: பரிசோதனை அறிக்கையில் ‘பொன்னம்மா’வைக் காட்டி ஆட்சேபம் வரும், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதைத் தாண்டினாலும் பெயர் வர்த்தகச் சின்ன இதழில் வெளியாகி நான்கு மாதத்துக்குள் அவர்கள் எதிர்ப்பு மனு போடலாம். அதற்குள் நீங்கள் பவுச் அச்சடித்திருப்பீர்கள். ஆறு வண்ணப் பவுச்சுக்கு ஆறு சிலிண்டர். பெயர் மாறினால் பெயர் இருக்கும் சிலிண்டர்களை மறுபடி செய்ய வேண்டும், மிஞ்சிய பவுச்சுகளை எடைக்குத்தான் போட வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, அதுவரை அந்தப் பெயரைச் சொல்லி வாங்கியவர்களை விட்டுப் பிரிவது.

ஒரு வழி திறந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2009-க்கு முன்பே உங்கள் வீட்டிலிருந்து ‘பொன்னம்மாள்’ என்ற பெயரோடு பொடி விலைக்குப் போயிருந்து, அன்று முதல் விடாமல் நடந்திருந்தால் நிலைமை தலைகீழாக மாறும். பழைய ரசீது, கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த பில், நோட்டீஸ், உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம், எது இருந்தாலும் தேடிப் பாருங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பாட்டி பெயரில்லாமல்தான் கொடுத்திருக்கிறார், காசும் வாங்கவில்லை. இருந்தாலும் அத்தையிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் பாட்டியைப் பாக்கெட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது என் யோசனை. அவர் யார், பொடியை எப்படி வறுத்தார், யாருக்கெல்லாம் கொடுத்தார் என்று நான்கு வரிகள், சாதாரண எழுத்தில், அவருடைய பெயரோடு. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வேண்டாம். பட்டியலில் மூன்றாவதாக உள்ள ‘மஞ்சமுடிச்சு’ நீங்கள் சொன்ன அந்தத் துணி முடிச்சிலிருந்துதான் வந்தது. அது பொடியை விவரிக்கும் சொல் இல்லை, என் தேடலில் இரண்டு வகுப்பிலும் அதுபோல எதுவும் கிடைக்கவில்லை. வழக்கறிஞரும் பார்த்துச் சரி என்றால்தான் உறுதி.

முடிவு உங்களுடையது. எல்லாம் படித்த பிறகும் ‘பொன்னம்மாள்’தான் வேண்டும் என்றால், முதலில் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குவோம், அதன் பிறகு நானே அந்தப் பெயருக்கு எழுத்துரு வேலை தொடங்குகிறேன். புதன்கிழமை மாலை நேரில் வந்து பேசட்டுமா?

அன்புடன்,
உங்கள் பெயர் வடிவமைப்பாளர்

கடிதம் இவ்வளவுதான். இதில் நான் முக்கியமாகக் கருதுவது, ‘இந்தப் பெயர் சரியில்லை’ என்ற வாக்கியம் எங்குமே இல்லாதது. அப்படி எழுதினால் அது ரசனைச் சண்டையாகிவிடும். ரசனைச் சண்டையில் பணம் கொடுப்பவர்தான் ஜெயிப்பார், ஜெயிக்கவும் வேண்டும். இங்கே தடை பெயரின் அழகில் இல்லை, பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியை வாடிக்கையாளரும் தன் கண்ணால் பார்க்க முடிகிறது, அதற்காகத்தான் தேடல் பக்கங்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. சான்று இணைக்காத கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் ஒருவரின் அபிப்பிராயம்தான்.

பணிவு என்றதும் சிலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மனம் நோகுமே என்று செய்தியைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுவார்கள், அல்லது ‘சில நடைமுறைக் காரணங்களால்’ என்று மூடி மறைப்பார்கள். படிப்பவர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்: இவருக்கு நம் பாட்டி பெயர் பட்டிக்காட்டுப் பெயராகப் பட்டிருக்கிறது, அதனால் ஒதுக்கிவிட்டார். நேராக, முதல் பத்தியிலேயே சொல்வதுதான் மரியாதை என்பது என் கருத்து. பாராட்டையும் அளவோடு வைக்க வேண்டும். அந்தப் பெயரின் நல்ல குணங்களாகக் கடிதம் சொல்பவை எல்லாம் உண்மையானவை, சரிபார்க்கக்கூடியவை. ஆறுதலுக்காகச் சொல்லப்படும் பாராட்டு உடனே தெரிந்துவிடும்.

பழைய ரசீது தேடச் சொன்ன பத்தியைச் சிலர் வீண் நம்பிக்கை கொடுப்பதாக நினைக்கலாம். அது அப்படி இல்லை. இந்தியச் சட்டத்தில் பதிவை விட முதலில் பயன்படுத்தியதற்கு வலு அதிகம். சட்டத்தின் 34-வது பிரிவு அதைச் சொல்கிறது. பதிவு செய்தவருக்கு முன்பிருந்தே ஒரு பெயரை விடாமல் பயன்படுத்தி வருபவரைப் பதிவைக் காட்டி நிறுத்த முடியாது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயர் குறித்த வழக்கு 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, இந்தக் கருத்தைத்தான் நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே இரண்டு தரப்பிடமும் பதிவு இருந்தது. யார் முதலில் அந்தப் பெயரில் வியாபாரம் செய்தார் என்பதுதான் தீர்மானித்தது. அந்தப் பெயரை எந்தப் பெயர் வடிவமைப்பாளரும் வைக்கவில்லை, மங்கிய விளக்கில் நடந்த கடையை ஊர்க்காரர்கள் அப்படி அழைத்தார்கள். அப்படிப் பிறந்த பெயருக்கும் இவ்வளவு வலு கிடைக்கிறது, காரணம் தொடர்ந்த பயன்பாடும் அதற்கான சான்றும்.

ஆகவே தேடல் பக்கத்தில் முந்தைய பதிவு ஒன்றைப் பார்த்தவுடனே பெயரைக் கழித்துவிடும் வடிவமைப்பாளர் பாதி வேலைதான் செய்கிறார். வாடிக்கையாளர் வீட்டில் அதைவிடப் பழைய வியாபாரம் இருந்ததா என்று கேட்க வேண்டும். கேட்காமல் கழித்தால், நாற்பது ஆண்டுகளாக ஒரு ஊரே சொல்லிவரும் பெயரைக்கூட அநாவசியமாக இழக்க நேரிடும். அதேபோல் பதிவேட்டில் எதுவும் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பெயரைக் கொடுத்துவிடுபவரும் ஆபத்தானவர். பதிவேட்டுக்கு வெளியே, கோயம்புத்தூர் சந்தையிலோ மதுரை மொத்தக் கடையிலோ இருபது ஆண்டுகளாக அதே பெயரில் பொடி விற்பவர் இருக்கலாம். பதிவில்லாமலே அவரும் நீதிமன்றம் போகலாம்.

கடிதத்தில் இன்னொரு எல்லையும் மதிக்கப்பட்டிருக்கிறது. பெயர் வடிவமைப்பாளர் வழக்கறிஞர் இல்லை. எந்தெந்தப் பெயர்கள் மோதக்கூடும் என்று கண்டுபிடிப்பதுவரை அவர் வேலை. மோதினால் என்ன ஆகும், ஒப்புதல் கடிதம் வாங்கலாமா, இரு தரப்பும் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு பெயரும் இருக்கலாமா என்பதெல்லாம் வழக்கறிஞரின் வேலை. ‘இது கிடைக்கவே கிடைக்காது’ என்றோ ‘கண்டிப்பாகக் கிடைக்கும்’ என்றோ உறுதியாக எழுதும் கடிதத்தை நம்ப வேண்டாம்.

பெயர் வைக்க ஆளை அமர்த்தும் வசதி எல்லாருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தில் உள்ள தேடலை யாரும் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. மத்திய அரசின் ipindia.gov.in தளத்தில் வர்த்தகச் சின்னங்களுக்கான பொதுத் தேடல் இருக்கிறது. உங்கள் சரக்கின் வகுப்பு எண்ணைக் கொடுத்து, Wordmark என்ற தேர்வில் ஒருமுறையும் Phonetic என்ற தேர்வில் ஒருமுறையும் தேடுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக மாற்றி எழுதிப் பாருங்கள். இன்னும் தொடங்காத, ஆனால் அடுத்து விற்க நினைக்கும் சரக்கின் வகுப்பையும் விட்டுவிடாதீர்கள். தடையில்லை என்று தெரிந்தால் விண்ணப்பித்து விடுங்கள். தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய், பதிவு கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பவுச்சுக்கு சிலிண்டர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.